கல்லைக் கேட்காதீர்கள், கடிகாரத்தைக் கேளுங்கள்

தீபாவளிக்கு முந்தைய நாள் என் மச்சினன் பைக்கில் மாமனார் வீட்டுக்குப் போய்ச் சீர்வரிசையைக் கொடுத்துவிட்டு அன்றிரவே திரும்பினான். 60 கிலோமீட்டர் தூரம். போகும்போது சாலை முழுக்க நெரிசல், வண்டி 30-ஐத் தாண்டவில்லை. திரும்பும்போது சாலை காலி, 60-இல் வந்துவிட்டான். "போறப்ப முப்பது, வர்றப்ப அறுபது. சராசரி நாப்பத்தஞ்சு மாமா" என்றான்.

"மொத்தம் எத்தனை மணி நேரம் வண்டியில உக்காந்திருந்தே?" என்று கேட்டேன். போக இரண்டு மணி, வர ஒரு மணி, ஆக மூன்று மணி. ஓடிய தூரம் 120 கிலோமீட்டர். 120-ஐ மூன்றால் வகுத்தால் 40தான் வருகிறது. "அந்த அஞ்சு எங்க போச்சு?" என்று விழித்தான்.

பின் இருக்கையில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போதும் அவர் வண்டியின் வேகத்தைக் குறிக்கிறார். போகையில் 60 முறை '30' என்றும், வருகையில் 60 முறை '60' என்றும் எழுதியிருப்பார். இரண்டும் சம எண்ணிக்கை, அதனால் சராசரி 45. மச்சினன் போட்ட கணக்கு இதுதான்.

இப்போது அவர் கல்லை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கட்டும். போன இரண்டு மணி நேரத்தில் '30' பன்னிரண்டு முறை விழும். வந்த ஒரு மணி நேரத்தில் '60' ஆறு முறைதான் விழும். பதினெட்டு எண்களையும் கூட்டினால் 720. பதினெட்டால் வகுத்தால் 40.

வேகம் என்பதே மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதுதானே? எனவே அதன் சராசரியில் கடிகாரத்துக்குத்தான் ஓட்டு. மெதுவாகப் போன பாதி அதிக நேரத்தை விழுங்குவதால் அதற்கு ஓட்டும் அதிகம். அது சராசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

போக, வர ஒரே தூரம் என்றால் கணக்கு சுலபம். இரண்டு வேகங்களையும் பெருக்கி, அதை இரட்டித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். 30-ஐ 60-ஆல் பெருக்கினால் 1800, இரட்டித்தால் 3600, அதை 90-ஆல் வகுத்தால் 40. தூரம் 60 கிலோமீட்டரா 600 கிலோமீட்டரா என்பது இதில் வரவே இல்லை. ஆனால் போகிற வழியும் வருகிற வழியும் வேறு வேறு நீளம் என்றால் இந்தச் சூத்திரம் உதவாது. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்கும் பழைய வழிதான்.

இந்தப் பிழை பல நேரம் கண்ணில் படுவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயில் பகல் 12 மணிக்கு ஊட்டி சேரும். பிற்பகல் 2 மணிக்கு இறங்கத் தொடங்கி மாலை 5.35-க்குக் கீழே வந்துவிடும். ஒரு வழி 46 கிலோமீட்டர். நடுவில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏறும் வேகம் மணிக்குச் சுமார் 9.5, இறங்கும் வேகம் சுமார் 12.8. கூட்டிப் பாதியாக்கினால் 11.2 வரும், சரியான விடை 10.9. இரு வேகங்களும் நெருங்கியிருக்கும்போது தவறான கணக்கும் சரியானதுபோலவே தெரியும். வேகங்கள் விலக விலகத்தான் குட்டு உடையும்.

1934-இல் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் தன் நண்பர் ஐன்ஸ்டைனுக்குக் கடிதத்தில் ஒரு புதிர் அனுப்பினார். ஒரு பழைய கார் ஒரு மைல் மேடு ஏறி, மறுபுறம் ஒரு மைல் இறங்க வேண்டும். மேட்டில் மணிக்கு 15 மைல் வேகம்தான் முடியும். இரண்டு மைலுக்கும் சேர்த்துச் சராசரி 30 வர வேண்டுமானால் எந்த வேகத்தில் இறங்க வேண்டும்? 45 என்று வாய் முந்திக்கொள்ளும். ஆனால் 30 மைல் வேகத்தில் இரண்டு மைலைக் கடக்க நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடமும் மேடு ஏறும்போதே தீர்ந்துவிட்டது! எந்த வேகத்தில் பாய்ந்தாலும் 30-ஐத் தொட முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் இறங்க நேரமே மிச்சமில்லை என்பது உறைத்தது என்று ஐன்ஸ்டைனே பதில் எழுதினார்.

மச்சினன் விடவில்லை. "அப்ப வர்றப்ப எம்பதுல வந்திருக்கணும்" என்றான். வந்திருந்தால் ஒரு மணிப் பயணம் 45 நிமிடமாகியிருக்கும், மிச்சம் கால் மணி. அதைவிட, விடிகாலையிலேயே கிளம்பி நெரிசலுக்கு முன் 40-இல் போயிருந்தால் இரண்டு மணிப் பயணம் ஒன்றரை மணியாகி அரை மணி மிஞ்சியிருக்கும். இரவில் இருபது கூட்டிக் கிடைப்பதைவிடக் காலையில் பத்து கூட்டிக் கிடைப்பது இரண்டு மடங்கு.

"அதுக்கு நாலு மணிக்கு எந்திரிக்கணுமே மாமா" என்றான்.