பாக்கி 3,030 ரூபாயா, 600 ரூபாயா? வாடகைக் கணக்கில் பிழை கண்டால் எழுத வேண்டிய கடிதம்

வாடகையும் மெயின்டனன்ஸும் சேர்த்து வீட்டுக்காரர் கொடுக்கும் கணக்குச் சீட்டில் மூன்று வகைத் தகராறுகள் வரலாம். கூட்டல், கழித்தல், சதவீதம் ஆகியவற்றில் வரும் பிழை முதல் வகை. ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வரியை இருவரும் இரு விதமாகப் புரிந்துகொள்வது இரண்டாவது. வாடகையே அதிகம் என்ற மனக்குறை மூன்றாவது. கணக்குப் பிழையைப் பற்றி எழுதும் கடிதம் முதல் வகையோடு நிற்க வேண்டும். மற்ற இரண்டும் அதில் கலந்துவிட்டால், காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய விஷயம் வாக்குவாதமாகிவிடும்.

சென்னையில் எட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடி ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தப்படி மாத வாடகை 18,000 ரூபாய். 2024 ஜூலை 1 முதல் வாடகையில் 5 சதவீதம் கூடும். மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 3 ரூபாய்; வீடு 800 சதுர அடி என்பதால் மாதம் 2,400 ரூபாய். தண்ணீர் லாரிச் செலவை எட்டு வீடுகளும் சமமாகப் பகிர வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்துக்கு வீட்டுக்காரர் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். கடைசி வரியில் இருப்பது: பாக்கி 3,030 ரூபாய்.

இந்தச் சீட்டை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே பிழை தேடினால் பெரும்பாலும் அகப்படாது. எழுதியவர் போன வழியிலேயே வாசிப்பவரின் கண்ணும் போய்விடும். சீட்டை மூடி வைத்துவிட்டு, ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்கையும் மட்டும் பார்த்துத் தனியாக ஒரு கணக்குப் போடுவதே சரியான முறை.

ஏப்ரல், மே, ஜூன் வாடகை 54,000 ரூபாய். ஜூலை முதல் வாடகை 18,900 ஆவதால் அடுத்த மூன்று மாதத்துக்கு 56,700. மெயின்டனன்ஸ் ஆறு மாதத்துக்கு 14,400. கோடையில் மூன்று மாதம் லாரித் தண்ணீர் வாங்கியிருக்கிறார்கள்; மாதம் 4,800 ரூபாய் செலவு, வீட்டுக்கு 600 வீதம் 1,800. ஆக மொத்தம் 1,26,900 ரூபாய். சுவருக்குள் ஒழுகிய குழாயை மாற்றக் குடியிருப்பவர் தன் கைக்காசிலிருந்து 1,200 ரூபாய் கொடுத்திருக்கிறார். அதைக் கழித்தால் 1,25,700. வங்கி வழியாக அவர் கட்டியது முதல் மூன்று மாதம் 20,400 வீதம், பிறகு 21,300 வீதம், மொத்தம் 1,25,100. ஆக, உண்மையான பாக்கி 600 ரூபாய்.

இப்போது சீட்டைத் திறக்கலாம். இரண்டு கணக்குக்கும் இடையே 2,430 ரூபாய் வித்தியாசம். அது எந்தெந்த வரியிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசி ரூபாய் வரை தீர்த்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிழை குடியிருப்பவருடையதாகவும் இருக்கலாம்.

இந்தத் தேடலில் கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகக் கையாளும் இரண்டு சோதனைகள் உதவும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருந்தால் வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபடும். 21,300 என்பதை 21,030 என்று எழுதினால் வித்தியாசம் 270, அதாவது 9 தரம் 30. அடுத்தது, கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டால் வித்தியாசம் அந்தத் தொகையைப் போல இரு மடங்காக நிற்கும். 2,400 ரூபாய் இடித்தால் 1,200 ரூபாய் வரி எங்கே என்று தேட வேண்டும். ஆனால் இவை சந்தேகத்தைக் காட்டுமே தவிர, தீர்ப்புச் சொல்லாது. இங்கே மொத்த வித்தியாசமான 2,430-ம் 9-ஆல் வகுபடுகிறது. இருந்தும் அது நான்கு வெவ்வேறு பிழைகளின் கூட்டு. அதனால் வாடகை, தண்ணீர், கழிவு, கட்டிய பணம் எனப் பகுதி பகுதியாகப் பிரித்த பிறகே இந்தச் சோதனைகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பிரித்துப் பார்த்தபின் எழுதும் கடிதம் இப்படி அமையலாம்:

சென்னை, 7.10.2024

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தாங்கள் எழுதிய கணக்குச் சீட்டு 3.10.2024 அன்று கிடைத்தது. அதில் பாக்கி 3,030 ரூபாய் என்று உள்ளது. ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்கையும் வைத்து நான் பார்த்ததில் 600 ரூபாய் வருகிறது. 2,430 ரூபாய் வித்தியாசம் கீழ்க்கண்ட நான்கு இடங்களில் ஏற்பட்டிருப்பதாகத் தெரிகிறது.

1. ஜூலை முதல் 5 சதவீத உயர்வு, வாடகையும் மெயின்டனன்ஸும் சேர்ந்த 20,400 ரூபாய்க்குப் போடப்பட்டு, மாதம் 21,420 என்று உள்ளது. ஒப்பந்தத்தின் 4-ம் பிரிவின்படி உயர்வு வாடகைக்கு மட்டுமே. எனவே 18,900-ம் 2,400-ம் சேர்ந்து 21,300 வர வேண்டும். மூன்று மாதத்துக்கு 360 ரூபாய் கூடுதல்.

2. குழாய் மாற்றிய செலவு 1,200 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம் என்று 12.8.2024 அன்று வாட்ஸ்அப்பில் தெரிவித்திருந்தீர்கள். சீட்டில் அது கூட்டப்பட்டுள்ளது. இதனால் 2,400 ரூபாய் கூடுதல்.

3. ஆகஸ்ட் மாதம் நான் அனுப்பியது 21,300 ரூபாய். சீட்டில் 21,030 என்று பதிவாகியுள்ளது. இதனால் 270 ரூபாய் கூடுதல்.

4. ஜூன் மாதத் தண்ணீர் லாரிப் பங்கு 600 ரூபாய் சீட்டில் விடுபட்டுள்ளது. இது நான் தர வேண்டிய தொகை.

முதல் மூன்றும் சேர்ந்து 3,030 ரூபாய். நான்காவதைக் கழித்தால் 2,430 ரூபாய். என் கணக்குப்படி உள்ள பாக்கி 600 ரூபாயை இன்று தங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பியுள்ளேன். சரிபார்த்து, திருத்திய சீட்டை 15 நாட்களுக்குள் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கில் தவறு இருந்தால் எந்த வரி என்று தெரிவித்தால் உடனே பார்த்துவிடுகிறேன்.

இணைப்பு: ஒப்பந்தத்தின் 4-ம் பிரிவு நகல், வங்கிக் கணக்கு நகல், பிளம்பர் ரசீது, வாட்ஸ்அப் செய்தியின் அச்சுப்படி.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இந்தக் கடிதத்தின் பலம் நான்காவது வரியில் இருக்கிறது. தனக்குச் சாதகமாக விடுபட்ட 600 ரூபாயையும் குடியிருப்பவர் தானே எடுத்துச் சொல்லிவிடுகிறார். வீட்டுக்காரர் பின்னால் அதைக் கண்டுபிடித்தால், மற்ற மூன்று வரிகளின் மேலும் சந்தேகம் விழும். முதலிலேயே சொல்லிவிட்டால் அவை மூன்றும் தம் காலில் நிற்கும். அதுபோல, 'ஏமாற்றுகிறீர்கள்', 'வேண்டுமென்றே' போன்ற சொற்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. இலக்கம் மாறியதற்கு யாருடைய நோக்கத்தையும் ஆராய வேண்டியதில்லை. எந்த வரி, சீட்டில் எவ்வளவு, இருக்க வேண்டியது எவ்வளவு, எதை வைத்துச் சொல்கிறோம் என்ற நான்கும் இருந்தால் போதும்.

குழாய்ச் செலவு யாருடையது என்ற கேள்விக்குச் சட்டத்திலும் பதில் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், குடியிருப்பவர் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத பட்சத்தில், குழாய்களை மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. தண்ணீர் திறக்கும் பைப்புத் திருகும் அதன் வாஷரும் குடியிருப்பவர் பொறுப்பு என்று அதன் அட்டவணை பிரிக்கிறது. ஆகவே ரசீதில் 'பிளம்பிங் வேலை' என்று பொதுவாக எழுதி வாங்காமல், எது மாற்றப்பட்டது என்று எழுதி வாங்குவது நல்லது.

பலர் சறுக்குவது பணம் கட்டும் இடத்தில்தான். கணக்குச் சரியாகும் வரை வாடகையே தர மாட்டேன் என்று நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்து. இரண்டு மாதம் வாடகையும் பிற கட்டணங்களும் பாக்கி நின்றால், வீட்டைக் காலி செய்யக் கோரி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போக இந்தச் சட்டம் வழிவிடுகிறது. அதனால் தகராறு இல்லாத தொகையை உரிய தேதியில் கட்டிவிட்டு, தகராறுள்ள தொகையை மட்டும் கடிதத்தில் எழுத வேண்டும். மறுபக்கம், கணக்குத் தகராறைக் காரணம் காட்டித் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டுக்காரருக்கும் உரிமை கிடையாது.

கடிதத்தை நேரில் கொடுப்பதானால் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தலாம். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவது கூடுதல் வசதி. அது மட்டுமே போதாது.

இந்தக் கடிதத்தால் தீராதவையும் உண்டு. 800 சதுர அடி என்பது வீட்டுக்குள் அளந்ததா, சுவரும் பொது இடமும் சேர்த்ததா என்பது கூட்டல் கணக்கல்ல. காலியாகக் கிடக்கும் வீட்டின் தண்ணீர்ப் பங்கை யார் ஏற்பது என்பதும் அப்படித்தான். இவற்றுக்கு ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பார்க்க வேண்டும். அதில் தெளிவில்லை என்றால் இருவரும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட கேள்வி இருந்தால் தனிக் கடிதமாக எழுதுவதே முறை.

சிறு தொகைதானே என்று விட்டுவிடத் தோன்றும் வரியைத்தான் முதலில் திருத்த வேண்டும். மேலே உள்ள கணக்கில் சதவீதப் பிழை மாதம் வெறும் 120 ரூபாய். அது அப்படியே நின்றால், அடுத்த ஆண்டு 5 சதவீதம் 21,420-ன் மேல் ஏறி மாதம் 22,491 ஆகும். சரியான கணக்கில் வாடகை 19,845-ம் மெயின்டனன்ஸ் 2,400-ம் சேர்ந்து 22,245-தான். 120 ரூபாய்ப் பிழை ஒரே ஆண்டில் 246 ரூபாயாகி நிற்கும். ஆகவே வாடகை உயர்ந்த பிறகு வரும் முதல் கணக்குச் சீட்டை, வந்த வாரமே ஒப்பந்தத்தோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள்.