நாற்பது விதைக்கு இருபத்திரண்டு முளை

விதைத்த பத்தாம் நாள் காட்டுக்குப் போனால், சால் பிடித்து நிற்கிற பச்சையைத்தான் கண் தேடும். அது அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றால் மனசு விட்டுப்போகும். கடையில் கேட்டால், "கம்பெனிக்கு எழுதுங்கண்ணே" என்பார்கள். "விதை சரியில்லை, நஷ்டஈடு வேண்டும்" என்று எழுதினால், மழை போதவில்லை, ஆழமாக விதைத்துவிட்டீர்கள், எறும்பு தின்றிருக்கும் என்று பதில் வரும். இந்த மூன்றுக்கும் இடம் கொடுக்காத கடிதம்தான் செல்லும். பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் காட்டில் மானாவாரி மக்காச்சோளம் போட்ட ஒருவர் எழுதுவதாக ஒரு மாதிரிக் கடிதம் இது:

"ஐயா, உங்கள் வீரிய மக்காச்சோள விதையில் நான்கு கிலோ பை நான்கு வாங்கினேன். நான்கிலும் ஒரே குவியல் எண். முளைப்புத்திறன் 90 சதவீதம் என்று அட்டையில் உள்ளது. காலாவதித் தேதி தாண்டவில்லை. செப்டம்பர் 28 அன்று, முந்தின நாள் மழை ஈரத்தில், குழிக்கு ஒரு விதையாக இரண்டு ஏக்கரில் ஊன்றினோம். பத்தாம் நாள் பத்து இடங்களில் எண்ணினேன். 400 விதைக்கு 218 முளைத்திருந்தது. முளைக்காத குழிகளில் 50 தோண்டியதில் 41 விதை வேரே விடாமல் கொழகொழவென்று அழுகியிருந்தது. ஆறு எறும்பு தின்றது. மூன்று முளைவிட்டும் மேலே வரவில்லை. அதே ஈரத்தில் பக்கத்துக் காட்டில் விதைத்த வேறு குவியல் விதை 200க்கு 172 முளைத்திருக்கிறது. மீந்த விதையில் நூறை ஈரச்சாக்கில் வைத்தேன். ஏழு நாளில் 57 முளைத்தது. இன்னும் 250 கிராம் கட்டி வைத்திருக்கிறேன். நீங்கள் வைத்திருக்கும் இந்தக் குவியலின் மாதிரியைச் சோதித்து முடிவைத் தெரிவிக்கவும். விதை விலையையும் மறுவிதைப்புச் செலவையும் தரவும். பில், அட்டை நகல்களை இணைத்துள்ளேன்."

இதில் முதல் பலம் எண்ணிக்கை. சாலுக்குச் சால் 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் என்று ஊன்றினால் பத்து மீட்டர் சாலில் நாற்பது குழி வரும். மோசமான இடங்களை மட்டும் பொறுக்கி எண்ணக் கூடாது. காட்டின் குறுக்கே நடந்து, இத்தனை அடிக்கு ஒரு இடம் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு எண்ண வேண்டும். அப்படிப் பார்த்தால் நாற்பதுக்கு இருபத்திரண்டுதான் தேறுகிறது.

எதனால் முளைக்கவில்லை என்பதைத் தோண்டினால்தான் தெரியும். விதை காய்ந்து கெட்டியாக அப்படியே கிடந்தால் ஈரம் போதவில்லை. முளை மண்ணுக்கடியில் வளைந்து சுருண்டிருந்தால் ஆழம் அதிகம், இல்லையென்றால் மேல்மண் இறுகிவிட்டது. பள்ளத்தில் மட்டும் அழுகியிருந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. மேடு பள்ளம் பார்க்காமல் காடு முழுக்க, வேர்கூட விடாமல் அழுகியிருந்தால் விதையிலேயே உயிர் இல்லையோ என்று சந்தேகப்படலாம். பக்கத்துக் காடும் ஈரச்சாக்கும் அந்தச் சந்தேகத்தை உறுதியாக்குகின்றன. மழையும் மண்ணும் ஒன்றாக இருக்க, விதைக் குவியல் மட்டும்தான் வேறு. சாக்கில் ஆழமும் இல்லை, எறும்பும் இல்லை, அங்கேயும் 57தான்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அட்டையில் உள்ள 90 பரிசோதனை நிலையத்தில் எல்லாம் சரியாக அமைந்தபோது கிடைத்த கணக்கு. காட்டில் அது கொஞ்சம் குறையும். 86க்குக் கடிதம் எழுத முடியாது. 55க்கு எழுதியே ஆக வேண்டும்.

கடிதத்தின் உயிர் குவியல் எண்ணில் இருக்கிறது. ஒரே தடவையில் சேர்த்துப் பரிசோதித்துப் பையிட்ட விதைக்குத்தான் அந்த எண். ஒரு குவியல் முழுதும் விற்று முடிந்து ஓராண்டு ஆகும்வரை அதன் மாதிரியை விற்பவர் தூக்கிப்போடக் கூடாது என்று 1968ஆம் ஆண்டு விதை விதிகள் சொல்கின்றன. அந்த மாதிரியைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது இதனால்தான். அட்டையைத் தொலைத்தவருக்கு இந்த வழி அடைபட்டுவிடும். வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிட்டவர் சோதனைக்கு எதைக் கொடுப்பார் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது. விவசாயி விதையை மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றும், அவர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றும் 2012இல் தீர்ப்பு வந்தது. ஆனாலும் கையில் கால் கிலோ இருந்தால் வேலை சுலபம்.

கடிதத்தின் நகல் வட்டார விதை ஆய்வாளருக்கும் போக வேண்டும். அனுப்பியதற்கு ஒப்புகை கையில் இருக்க வேண்டும். அவர் வந்து பார்க்கட்டும் என்று காட்டை அப்படியே போட்டு வைத்தால் ஈரம் போய்விடும், பருவமும் போய்விடும். அதனால் படம் எடுத்து, எண்ணிக்கையைத் தேதியோடு எழுதி, பக்கத்துக் காட்டுக்காரர் இருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுவிதைப்பை முடிக்கலாம். நடுக்காட்டில் நாலைந்து சாலை மட்டும் கலைக்காமல் விட்டுவைக்க வேண்டும். ஆய்வாளர் வந்து குனிந்து தோண்டிப் பார்க்க அது போதும்.