வட்ஸ்அப் குழுவில் புதியவரை வரவேற்பது: எதைச் சொல்வது, எதை விடுவது?

வேலையிட வட்ஸ்அப் குழுவில் முன்பின் தெரியாத ஓர் இலக்கம் திடீரெனச் சேர்ந்தால், எங்கள் ஊர்களில் பலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "இது ஆர்?" என்று குழுவில் கேட்கமாட்டார்கள். தங்களுக்குள் தனியாகக் கேட்டுக்கொள்வார்கள். நீண்டகாலம் கண்காணிப்புக்குள் வாழ்ந்தவர்களுக்கு இது பழக்கம். ஆனால் அந்த மௌனம் புதியவரைத்தான் முதலில் சுடும். ஆகவே வந்தவர் யார், என்ன வேலைக்கு வந்திருக்கிறார் என்று சொல்வதே வரவேற்பின் முதல் பணி.

சேர்த்தவுடன் அவரது இலக்கம் குழுவிலுள்ள எல்லோருக்கும் தெரியும். எனவே முதலில் அவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லி, சேர்க்கலாமா, எந்தப் பெயரில் அறிமுகப்படுத்தலாம் என்று கேளுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கிளிநொச்சியில் 14 பேர் வேலை செய்யும் வாழ்வாதாரத் திட்டம் ஒன்றில் வாணி என்பவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொறுப்பாளர் இப்படி எழுதுகிறார்: "எங்கள் புதிய தங்கை வாணி. இறுதிப் போரில் தந்தையை இழந்து, மெனிக் பாம் முகாமிலிருந்து படித்து முன்னேறிய சாதனைப் பெண். எல்லோரும் வாழ்த்துங்கள்!"

எழுதியவரின் மனதில் அன்புதான் இருந்தது. ஆனால் வாணி தானாகச் சொல்ல வேண்டிய கதையை வேறொருவர் 14 பேருக்குச் சொல்லிவிட்டார். அடுத்து ஒருவர் "அப்பாவுக்கு எந்த இடத்தில நடந்தது?" என்று கேட்பார். பதில் சொல்வதும் கடினம், சொல்லாமல் விடுவதும் கடினம். பிறகு செய்தியை அழித்தாலும், அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷொட் எடுத்திருந்தால் அது வெளியே போய்விடும்.

அதையே இப்படி எழுதலாம்: "எல்லோருக்கும் வணக்கம். இன்றிலிருந்து கண்டாவளைப் பிரிவுக் களவேலைகளை வாணி பார்ப்பார். பயனாளிகள் பட்டியல் பற்றி அவரிடம் கேட்கலாம். வாணி, வாகன ஒழுங்குக்கு ரவி அண்ணாவோடு கதையுங்கோ. உங்களோடு வேலை செய்வதில் சந்தோசம்."

இதில் அவர் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி எதுவுமில்லை. யாரிடம் என்ன கேட்கலாம் என்பதை இரு பக்கத்தாரும் அறிந்துகொள்கிறார்கள். மற்றவர்கள் அந்தச் செய்தியின் மீதே ஓர் இதயக்குறி போட்டால் போதும். ஆளுக்கொரு பூங்கொத்துப் படம் அனுப்பினால், அறிமுகச் செய்தி மேலே போய் மறைந்துவிடும். புதியவரும் 13 தடவை நன்றி சொல்ல வேண்டிவரும்.

தான் சேர்வதற்கு முன் குழுவில் போன செய்திகள் அவருக்குப் பொதுவாகத் தெரிவதில்லை. எனவே அந்த வாரத்துக்கான களப்பயண அட்டவணையைத் தனியாக அனுப்பிவிடுங்கள்.

முதல் வாரத்துக்குள் அவர் குழுவில் ஒரு வேலைக் கேள்வி கேட்டால், வரவேற்புச் சரியாக அமைந்துவிட்டது. "சரி", "நன்றி" என்பவற்றைத் தவிர எதுவும் வராவிட்டால், குழுவில் காரணம் கேட்காமல் தனியாக ஒரு கோல் எடுங்கள். ஊரும் உறவும் இழப்பும் பற்றிய கதைகளை, அவர் விரும்பினால், ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது அவரே சொல்வார்.