சிறிய மாடலா, பெரிய மாடலா: ஒரு புடவைக் கடையின் கணக்கு

கைத்தறிப் புடவைகளை இணையத்தின் வழியே விற்கும் ஒரு நடுத்தரக் கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் ஏறக்குறைய 300 வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அந்தக் கடைக்கு எழுதுகிறார்கள். பார்சல் எங்கே வந்துகொண்டிருக்கிறது, சாயம் போகுமா, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்பன போன்ற கேள்விகளே அவற்றில் பெரும்பான்மை. இவற்றுக்கு விடை சொல்ல ஒரு சாட்பாட் வைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் தீர்மானித்த மாத்திரத்தில், அதன் பின்னே இருந்து எழுதப்போகும் மொழி மாடல் சிறியதாக இருக்க வேண்டுமா, பெரியதாக இருக்க வேண்டுமா என்ற பிரச்சினை அவர் முன் வந்து நிற்கிறது.

சிறியது, பெரியது என்னும் பேச்சுக்கு அடிப்படை, மாடலுக்குள் இருக்கும் எண்களின் தொகைதான். மெட்டா நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட லாமா 3.1 வரிசையில் 800 கோடி, 7,000 கோடி, 40,500 கோடி எண்களைக் கொண்ட மூன்று மாடல்கள் இருந்தன. ஒவ்வோர் எண்ணையும் வழக்கமான 16 பிட் அளவில் வைத்தால், முதலாவதற்கு 16 ஜிபி நினைவகமும், கடைசியானதற்கு 810 ஜிபி நினைவகமும் வேண்டும்; அதாவது ஒன்று 80 ஜிபி கொண்ட ஒரே சில்லில் தாராளமாக அடங்கிவிட, மற்றொன்று அத்தகைய எட்டுச் சில்லுகளைச் சேர்த்தாலும் சுருக்காமல் அடங்காது. டோக்கன் எனப்படும் ஒவ்வொரு சொல்துணுக்கையும் எழுதுவதற்கு அந்த எண்கள் அனைத்தும் ஒருமுறை கணக்கில் வந்து போக வேண்டியிருப்பதால், சிறியது மலிவாகவும் விரைவாகவும், பெரியது விலை கூடியும் சற்றுத் தாமதித்தும் விடை தருகின்றன.

விலையை எடுத்துக்கொள்வோம். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு விலைப்படி, ஜிபிடி-4ஓ மினி என்னும் சிறிய மாடலுக்குப் பத்து லட்சம் டோக்கன் படிப்பதற்கு 15 சென்ட், எழுதுவதற்கு 60 சென்ட். பெரியதான ஜிபிடி-4ஓ மாடலுக்கு முறையே இரண்டரை டாலர், 10 டாலர். இத்தகைய விலைகள் அடிக்கடி மாறுபவை. ஆயினும் சிறியதற்கும் பெரியதற்கும் இடையே உள்ள தூரத்தை உணர்ந்துகொள்ள இவை போதும்.

நம் கடையின் விதிமுறைகளை 1,500 டோக்கன் கொண்ட ஒரு குறிப்பாக எழுதி மாடலிடம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாடலுக்குச் சுயமாக ஞாபகம் ஏதும் இல்லாத காரணத்தால், வாடிக்கையாளர் ஒவ்வொரு முறை எழுதும்போதும் அந்தக் குறிப்பையும் அதுவரை நடந்த உரையாடலையும் முழுமையாக மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆகவே நான்கு முறை கேட்டு நான்கு முறை விடை பெறும் ஒரு சாதாரண உரையாடலில், படிப்பது 8,000 டோக்கன், எழுதுவது 600 டோக்கன் என்ற அளவுக்கு வந்துவிடும். மாதம் 9,000 உரையாடல்களுக்குச் சிறிய மாடல் 14 டாலரும், பெரிய மாடல் 234 டாலரும் கேட்கும். டாலருக்கு 84 ரூபாய் என்று கொண்டால், ஒன்று சுமார் 1,200 ரூபாய், மற்றொன்று சுமார் 19,700 ரூபாய்.

தமிழில் கடை நடத்துவோர் இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விசேஷம் உண்டு. டோக்கன் என்பது மொழிக்கு மொழி சமமான அளவன்று. ஜிபிடி-4ஓ வெளியானபோது அந்நிறுவனமே காட்டிய ஓர் உதாரணத்தில், பழைய முறையில் 116 டோக்கன் பிடித்த தமிழ் வாசகம் புதிய முறையில் 35 டோக்கனாகக் குறைந்தது. அதே பொருள் கொண்ட ஆங்கில வாசகமோ 27 டோக்கனிலிருந்து 24 டோக்கனுக்கே குறைந்தது. எனவே விலைப்பட்டியலை மட்டும் பார்த்து இரண்டு மாடல்களை ஒப்பிடுவது தமிழ் விஷயத்தில் பெரிதும் ஏமாற்றிவிடும். நம் கடைக்கு வந்த தமிழ்ச் செய்திகள் ஒரு நூறை எடுத்து, அந்தந்த மாடல் அவற்றை எத்தனை டோக்கனாக எண்ணுகிறது என்று பார்த்த பிறகே கணக்குப் போடுவது உசிதம்.

இனி, இந்த 18,500 ரூபாய் வித்தியாசத்துக்குப் பெரிய மாடல் என்ன தருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எளிய கேள்வியென்று தோன்றக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பண்டிகைக் காலத்தில், இரண்டு புடவை சேர்த்து வாங்கினால் நூற்றுக்கு 20 தள்ளுபடி என்று கடை அறிவித்திருக்கிறது. ஓர் அம்மையார் 4,000 ரூபாய்ப் புடவைகள் இரண்டை 6,400 ரூபாய்க்கு வாங்கி, நான்கு நாள் கழித்து இவ்வாறு எழுதுகிறார்: “பச்சைப் புடவையின் ரவிக்கைத் துணியை வெட்டித் தைக்கக் கொடுத்துவிட்டேன். நீலம் எனக்குச் சரிப்படவில்லை. அதைத் திருப்பி அனுப்பினால் எவ்வளவு பணம் தருவீர்கள்?” கடையின் விதிகள் மூன்று இங்கே ஒன்றையொன்று தொடுகின்றன: ஏழு நாளுக்குள் திருப்பலாம், துணி வெட்டிய புடவையைத் திருப்ப முடியாது, ஒன்றைத் திருப்பினால் தள்ளுபடி நீங்கி, வைத்துக்கொண்ட புடவைக்கு முழு விலை எடுக்கப்படும். ஆகவே சரியான விடை 2,400 ரூபாய்.

சிறிய மாடல் இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தவறக்கூடும். ‘வெட்டி’ என்ற சொல்லைக் கண்டதும், வெட்டப்பட்டது வேறு புடவை என்பதைக் கவனிக்காமல், திருப்ப முடியாது என்று மறுத்துவிடலாம். அல்லது 6,400 ரூபாயைச் சரிபாதியாக்கி 3,200 ரூபாய் வரும் என்று சற்றும் தயங்காத பணிவான நடையில் எழுதிவிடலாம். விதிகளைத் தனித்தனியே கேட்டால் மூன்றையும் அது பிழையின்றிச் சொல்லும். மூன்றையும் ஒரே சமயத்தில் மனத்தில் நிறுத்தி, எது எந்தப் பொருளைச் சாரும் என்று பிரித்துப் பார்ப்பதிலேதான் அதன் சக்தி குன்றுகிறது. பெரிய மாடல் தவறவே தவறாது என்பதன்று. இவ்வகைப் பின்னல்களில் அது தவறும் தடவைகள் கணிசமாகக் குறைவு.

தவறுகளில் இரண்டு ஜாதி உண்டு என்பதைப் பிரித்து அறிவதிலேதான் இந்த விஷயத்தின் உயிர் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மாடல் விழித்து நின்று, வாடிக்கையாளர் சலித்து, கடை ஊழியரைக் கூப்பிடுகிறாரே, அது கண்ணுக்குத் தெரியும் தவறு. பெரிய மாடலைவிடச் சிறிய மாடல் நூற்றுக்கு நான்கு உரையாடல்களைக் கூடுதலாக இப்படி ஊழியரிடம் தள்ளினால், மாதம் 360 உரையாடல். ஒன்றுக்குப் பத்து நிமிஷம் வீதம் 60 மணி நேரம். மணிக்கு 90 ரூபாய்ச் சம்பளமென்றால் 5,400 ரூபாயோடு போயிற்று. அதையும் சேர்த்துப் பார்த்தாலும் சிறிய மாடலே லாபம். ஆனால் 3,200 ரூபாய் என்று எழுதப்பட்ட விடையை எவரும் தவறென்று எண்ணுவதில்லை. அம்மையார் நன்றி சொல்லிப் போய்விடுகிறார், உரையாடல் சுமுகமாக முடிந்ததாகவே கணக்கேட்டிலும் பதிவாகிறது. பணம் திரும்பும் நாளில்தான் வழக்கு எழுகிறது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஒன்று, ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் துக்க காலக் கட்டணச் சலுகை பற்றிப் பயணிக்குத் தவறான தகவல் தந்ததற்கு அந்நிறுவனமே பொறுப்பு என்று தீர்த்து, நஷ்டஈடு கொடுக்கச் செய்தது. தளத்தின் மற்றொரு பக்கத்தில் சரியான விதி இருந்ததே என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை.

ஆகவே, கடை முழுவதற்கும் ஒரே மாடல் என்று தீர்மானிக்க வேண்டிய நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. வரும் செய்தி எந்த வகையைச் சேர்ந்தது என்று பகுக்கும் வேலையைச் சிறிய மாடலிடமே விடலாம். கொடுக்கப்பட்ட ஐந்தாறு பெயர்களில் ஒன்றைத் தேர்ந்து சொல்வது போன்ற எல்லை வகுத்த காரியங்களில் அது நம்பத்தக்கது. பார்சல் நிலவரம், துணியின் விவரம், கடை நேரம் ஆகியவற்றுக்கு அதுவே விடையும் எழுதட்டும். விவரத்தைக் கடையின் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டால், அதை வாக்கியமாக்குவதற்குப் பெரிய மாடல் அநாவசியம். பணம் திருப்புதல், தள்ளுபடித் தகராறு, ஒரே செய்தியில் இரண்டு ஆர்டர்கள் ஆகியவை வந்தால் பெரிய மாடலுக்குப் போகட்டும். அங்கேயுங்கூட, கழித்தல் கணக்கை மாடலிடம் விடாமல் சாதாரண நிரலைக் கொண்டு போடுவித்தலே உத்தமம். நூற்றுக்குப் பதினைந்து உரையாடல்கள் இவ்வாறு மேலே போனால், வகை பகுப்பதற்கான சிறு செலவு நீங்கலாக மாதச் செலவு சுமார் 47 டாலர், அதாவது 4,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

இத்தகைய படிமுறையை 2023ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ‘ஃப்ரூகல்ஜிபிடி’ என்ற பெயரில் ஆராய்ந்து எழுதினார்கள். மலிவான மாடலின் விடையை முதலில் வாங்கி, அது தேறுமா என்று தனியாகப் பயிற்றப்பட்ட மற்றொரு சிறு மாடலைக் கொண்டு மதிப்பிட்டு, தேறாவிட்டால் மட்டும் விலையுயர்ந்த மாடலிடம் போவது அவர்கள் காட்டிய வழிகளில் ஒன்று. மதிப்பிடுவதற்கு வேறொன்றை வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். “உனக்கு நிச்சயமா?” என்று விடை எழுதிய மாடலையே கேட்டு, அதன் சொல்லை நம்பி வழிபிரிப்பது பல இடங்களில் செய்யப்படுகிறது; ஆனால் 3,200 என்று எழுதிய அதே உறுதியோடு அது “நிச்சயம்” என்றும் எழுதிவிடும்.

எந்த வகை எந்த மாடலுக்கு என்பதை ஊகித்து வகுத்தல் கூடாது; சோதித்து வகுக்க வேண்டும். கடைக்கு ஏற்கெனவே வந்த செய்திகளில் 200ஐப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் சரியான விடையை அனுபவமுள்ள ஊழியர் ஒருவர் முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். எழுத்துப்பிழையோடு வந்தவை, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தவை, கோபமாக எழுதியவை ஆகியவற்றைக் கழித்துவிடாமல் அப்படியே சேர்க்க வேண்டும். முதலில் பெரிய மாடலைச் சோதிப்பது நல்லது; அதுவே தவறும் கேள்விகள் இருந்தால், பெரும்பாலும் குற்றம் நாம் எழுதிய குறிப்பில் இருக்கும், அதைத் திருத்திக்கொள்ளலாம். பிறகு அதே குறிப்போடு சிறிய மாடலுக்கு இறங்கி வந்து, இரண்டு விடைகளையும் எது எந்த மாடலுடையது என்று தெரியாதபடி கலந்து ஊழியரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டும்.

அப்போது கிடைக்கும் மொத்த மதிப்பெண்ணில் அதிகப் பிரயோஜனம் இல்லை. 200 கேள்விகளில் ஒன்று 190ம் மற்றொன்று 186ம் சரியாகச் சொன்னால், அந்த நான்கின் வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம். இரண்டாவது மாடல் தவறிய 14 எவை என்று ஒவ்வொன்றாகப் படிப்பதே முக்கியம்: சாயம் பற்றி ஒரு வாக்கியம் குறைவாகச் சொன்னதும், தராத பணத்தைத் தருவதாகச் சொன்னதும் மதிப்பெண்ணில் ஒன்றே என்றாலும் கடைக்கு ஒன்றல்ல. தமிழ் நடையையும் அந்தப் படிப்பிலேதான் பார்க்க முடியும். லாமா 3.1 தான் ஆதரிப்பதாக அறிவித்த எட்டு மொழிகளில் இந்தி இருந்தது, தமிழ் இல்லை. இவ்விதம் தமிழ்ப் பயிற்சி குறைந்த சிறிய மாடல்கள், ‘நீங்கள்’ என்று தொடங்கி மூன்றாம் வாக்கியத்தில் ‘நீ’ என்று இறங்குவதும், இல்லாத வினைச்சொல்லை ஆக்கிக்கொள்வதும் உண்டு. ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாடல் என்ற கீர்த்தி இதற்கு ஜாமீன் ஆகாது.

அந்த 200 கேள்விகளையும் விடைகளையும் ஒரு கோப்பில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நிறுவனங்கள் பழைய மாடல்களை நிறுத்திப் புதியவற்றைக் கொண்டுவருகின்றன. ஒவ்வொரு தடவையும் அந்தக் கோப்பை ஓட்டிப் பார்த்தால், தள்ளுபடித் தகராறுகளைக்கூட அடுத்த சிறிய மாடல் தாங்குமா என்பது ஒரு பிற்பகலில் தெரிந்துவிடும். தாங்குமானால், அந்த வகையை மட்டும் கீழே இறக்கிக்கொள்ளலாம். கடையின் விதி மாறும் நாளில், பாதிக்கப்பட்ட விடைகளை ஊழியர் திருத்திய பிறகே சோதனையைத் திரும்ப ஓட்ட வேண்டும்.