பீரோ மறைக்கும் வைஃபை

சென்னை அடுக்குமாடி வீடுகளில் ரவுட்டர் பெரும்பாலும் வாசற்கதவோரம், கேபிள் நுழையும் இடத்திலேயே தொங்கும். படுக்கையறைச் சுவரை ஒட்டி இரும்பு பீரோ. அதன் தகடு அலையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும். பீரோவின் மறைவில் மேசை போட்டவருக்கு வீடியோ அழைப்பு திக்கித் திணறும்.

கான்கிரீட் அலையை உறிஞ்சும், உள்ளிருக்கும் கம்பிகள் சிதறடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குத்தான் அடி அதிகம். ஜன்னல் கிரில்லைப் பழிப்பது பாதிதான் நியாயம்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ.; கம்பி இடைவெளி அதைவிட வெகுவாகக் குறுகினால்தான் நன்றாகத் தடுக்கும்.

வைஃபை அளக்கும் செயலியில் மைனஸ் 50 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 80 என்றால் தடுமாற்றம். அறைக்கதவைத் திறந்ததும் எண் தேறினால், அலை வாசல் வழியாகவே வருகிறது. பீரோவை நகர்த்துவது யாரால் ஆகும்? கேபிளை நீட்டி, ரவுட்டரை அறைவாசலுக்கு நேராக ஹாலில் உயரமாக மாட்டலாம்.