முகூர்த்த நாளை விற்கும் முன்

சின்ன மண்டபத்தோடு சமையல் ஒப்பந்தமும் எடுப்பவருக்கு வருஷம் 365 நாள் இல்லை. ஆடியும் மார்கழியும் கல்யாணத்துக்குக் கிடையாது. புரட்டாசியைப் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. மிச்ச மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தத்தையே முதலில் கேட்பார்கள். அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் ஊரே அந்த ஒரு நாளைக் கேட்கும். அந்தச் சில நாட்களின் வருமானத்தில்தான் வருஷம் முழுவதும் மின்கட்டணமும் காவலாளி சம்பளமும் ஓட வேண்டும்.

ஆகவே வருகிற எந்தப் பதிவையும் விடக்கூடாது என்று தோன்றும். இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. ஒரு கல்யாணம் மண்டபத்தை முதல்நாள் மாலை வரவேற்பிலிருந்து மறுநாள் மதியச் சாப்பாடு வரை பிடித்துக்கொள்கிறது. அடுத்தடுத்த நாட்களில் இரண்டு முகூர்த்தம் வந்தால், ஒரு வீட்டார் மூன்று மணிக்குக் கிளம்ப, அடுத்த வீட்டார் நான்கு மணிக்குச் சீர்வரிசையோடு வந்து நிற்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பந்திக் கூடம் கழுவி, அண்டா குண்டான் தேய்த்து, மணமகள் அறை சுத்தமாக வேண்டும். அதற்குத் தனி ஆட்கள் கிடைத்தால்தான் இரண்டாவது பதிவை ஏற்கலாம். காலையிலிருந்து பரிமாறியவர்களையே துடைப்பத்தை எடுக்கச் சொன்னால் இரவுப் பந்தியில் அது தெரிந்துவிடும்.

உண்மையில் ஒரு தேதியில் எத்தனை வேலை எடுக்கலாம் என்பதை முடிவு செய்வது மண்டபம் அல்ல, சமையல் மாஸ்டர். பெரிய முகூர்த்தத்தன்று நல்ல மாஸ்டரை நான்கு பேர் கூப்பிடுவார்கள். முதலில் கையில் பணம் கொடுத்தவருக்கு அவர் நேரில் வருவார். மற்ற இடங்களுக்கு உதவியாளர் போவார். எனவே வாடிக்கையாளரிடம் அட்வான்ஸ் வாங்கிய அன்றே அதில் ஒரு பங்கு மாஸ்டருக்குப் போக வேண்டும். தேதி, எத்தனை இலை, எத்தனை வேளை என்பதை ஒரு சீட்டில் எழுதி அவர் கையெழுத்தோடு வைத்துக்கொள்வது நல்லது.

பரிமாற ஆள் பிடிப்பதும் இப்படித்தான். நூறு இலைப் பந்திக்கு எட்டிலிருந்து பத்துப் பேர் வேண்டும். இலை எடுக்க, காய் நறுக்க, பாத்திரம் கழுவ ஆள் வேறு. எல்லோரையும் ஒரே மேஸ்திரியிடம் விட்டால், அவர் அன்று வேறு மண்டபத்துக்குப் போய்விட்டால் பந்தியே நின்றுபோகும். இரண்டு மேஸ்திரிகளிடம் பாதிப் பாதியாகச் சொல்லி, மூன்று நாளுக்கு முன் ஆட்களின் பெயரையே கேட்டு வாங்குங்கள். "பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் அன்றே வேறு ஆள் தேட வேண்டும்.

இனி அட்வான்ஸ். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மண்டப வாடகை 60,000 ரூபாய். இரவு 300 இலை, மதியம் 300 இலை, இலைக்கு 350 ரூபாய். காலை டிபன் 200 பேருக்கு, தலைக்கு 150. சாப்பாடு 2,40,000, மொத்தம் 3,00,000. பதிவின்போது 60,000 வாங்கலாம். 45 நாள் முன்பு மெனு முடிவாகும்போது 90,000. ஒரு வாரம் முன்பு இலைக் கணக்கு சொல்லும்போது 1,20,000. மளிகையும் காய்கறியும் கூலியும் இதில்தான் ஓடும். மிச்சம் 30,000 கல்யாணத்தன்று மதியம், கூடுதலாக விழுந்த இலைக்கான பணத்தோடு. பெரிய பாக்கியைக் கல்யாணம் முடிந்த பிறகு கேட்க நேர்ந்தால், மொய்ப் பணம் எண்ணும் அவசரத்தில் அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆவணிக் கல்யாணங்களுக்கான அட்வான்ஸ் ஆனி, ஆடியிலேயே வந்து சேரும். மண்டபம் காலியாக இருக்கும் ஆடியில் வெள்ளையடிக்கவும் ஜெனரேட்டர் பழுது பார்க்கவும் அந்தப் பணத்தில் கை போகும். ஆவணி வந்ததும் மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டியிருக்கும். அட்வான்ஸுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, நடக்காத விழாக்களுக்கு வாங்கிய தொகையை வாரம் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அதிலிருந்து மாஸ்டருக்கும் மேஸ்திரிக்கும் ஏற்கெனவே கொடுத்ததைக் கழியுங்கள். மிஞ்சும் தொகையை விடக் கணக்கில் இருப்பு குறைந்தால் வாடிக்கையாளர் பணத்தில் குடும்பம் நடத்துகிறீர்கள் என்று பொருள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு, அது கைக்கு வந்த மாதக் கணக்கிலேயே வரி சேர்ந்துவிடும். அதையும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

கல்யாணம் நின்றுபோவதும் உண்டு. "கொடுத்த பணம் திரும்பாது" என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் போதாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. அதே தேதி வேறொருவருக்குப் பதிவானால், மாஸ்டருக்குக் கொடுத்ததை அந்தப் புதுப் பதிவுக்கு மாற்றிக்கொண்டு, முதல் வீட்டாருக்கு அநேகமாக முழுத்தொகையையும் திருப்பிக் கொடுத்துவிடலாம். தேதி காலியாகவே போனால் வாடகையையும் உண்மையில் செலவானதையும் மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைப் பதிவு நாளிலேயே, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் உட்கார்ந்திருக்கும்போது தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.