ஒரே பெயர், இரண்டு எழுத்துக்கூட்டல்

2008 முதல் 2018 வரை ஆர்மீனியாவின் அதிபராக இருந்தவர் செர்ஷ் சர்க்சியான். அவருக்கு அடுத்து அந்தப் பதவிக்கு வந்தவர் ஆர்மென் சர்க்கிசியான். ஆர்மீனிய மொழியில் இருவருடைய குடும்பப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்: Սարգսյան. ரஷ்ய மொழிக்குப் போகும்போது மட்டும் முன்னவர் Саргсян ஆகிறார், பின்னவர் Саркисян ஆகிறார்.

சர்கிஸ் என்ற பழைய கிறிஸ்தவப் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர் இது. எழுதும்போது நடுவில் வருவது மெல்லிய 'க'. பேசும்போது அது வல்லெழுத்தாக, 'சர்க்கிஸ்' என்று காதில் விழுகிறது. ஒரு வடிவம் எழுத்தைப் பின்பற்றியது, மற்றது காதைப் பின்பற்றியது. இரண்டும் ரஷ்ய மொழியில் புழக்கத்தில் இருப்பவை, இரண்டையும் பிழை என்று சொல்ல முடியாது. ஆர்மீனிய அறிவிப்பை ரஷ்ய மொழியாக்க உட்காருபவருக்குத் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

ஆர்மீனிய எழுத்தை 405ஆம் ஆண்டையொட்டி மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் என்ற துறவி உருவாக்கினார். இன்று அதில் 39 எழுத்துகள் உள்ளன, ரஷ்ய நெடுங்கணக்கில் 33. ஆனால் எண்ணிக்கையைவிட ஒலிகளை வகுத்த விதம்தான் முக்கியம். நாம் 'ப' என்று ஒரே எழுத்தால் எழுதும் இடத்தில் ரஷ்ய மொழிக்கு இரண்டு எழுத்துகள் உண்டு. ஆர்மீனிய மொழிக்கு மூன்று: மெல்லியது ஒன்று, வல்லியது ஒன்று, காற்றை வெளித்தள்ளிச் சொல்வது ஒன்று. க, த, ச வகை ஒலிகளுக்கும் இதே மூன்றடுக்கு உண்டு. ஆகவே பாப்யான் (Պապյան), பாபஸ்யான் (Փափազյան) என்ற இரு பெயர்களும் வேறு வேறு முதலெழுத்துகளில் தொடங்கினாலும், ரஷ்ய மொழியில் இரண்டுக்கும் ஒரே П தான் கிடைக்கும். அப்படி ஒருமுறை மாறிய பெயரை ரஷ்ய எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆர்மீனியத்துக்குத் திருப்ப முடியாது.

யெரெவான் நகரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் ஒட்டப்படும் சாதாரணக் குடிநீர் அறிவிப்பையே எடுத்துக்கொள்வோம். "கவனம்! இவ்வாண்டு மே 14 அன்று காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை துமான்யான், ஹன்ராபெதுத்யான் தெருக்களில் குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும்." 2022க்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து ஏராளமானோர் இந்த நகருக்குக் குடிவந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் தண்ணீர் நிற்கப்போவது தெரிய வேண்டும்.

'கவனம்' என்ற முதல் சொல்லிலேயே வேலை இருக்கிறது. ஆர்மீனிய மொழியில் அழுத்தக் குறியும் வியப்புக் குறியும் சொல்லின் இறுதியில் நிற்பதில்லை, அழுத்தம் விழும் உயிரெழுத்தின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும். ரஷ்ய மொழியில் அதைச் சொல்லின் கடைசிக்கு நகர்த்த வேண்டும். வாக்கியத்தின் முற்றுப்புள்ளி இன்னும் வம்பானது. ஆர்மீனிய முற்றுப்புள்ளி நம் கண்ணுக்கு முக்காற்புள்ளிபோல, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு புள்ளிகளாகத் தெரியும். ஒற்றைப் புள்ளிக்கோ அங்கே பெரும்பாலும் முக்காற்புள்ளியின் வேலை. இதை அறியாமல் அப்படியே நகலெடுத்தால் ரஷ்ய வாசகருக்கு அறிவிப்பு பாதியில் நின்றதுபோல் இருக்கும், அடுத்து ஏதோ பட்டியல் வரும் என்று எதிர்பார்ப்பார். "இவ்வாண்டு" என்பதற்கு ஆர்மீனிய அலுவலகங்கள் எழுதும் ս.թ. என்ற சுருக்கத்துக்கு மட்டும் நல்வாய்ப்பாக ரஷ்ய மொழியில் с.г. என்ற இணை தயாராக இருக்கிறது.

அடுத்தது தெருப்பெயர்கள். துமான்யான், கவிஞர் ஹொவ்ஹன்னெஸ் துமான்யானின் பெயர். ஆர்மீனியத்தில் தெருவின் பெயராக நிற்கும்போது அது வேற்றுமை உருபு ஏற்காமல் அப்படியே நிற்கும். ரஷ்ய மொழி 'துமான்யானின் தெரு' என்று கேட்கிறது, அதனால் ул. Туманяна என்று கடைசியில் ஒரு 'а' சேர வேண்டும். இரண்டாவது தெருப்பெயரின் பொருள் 'குடியரசின்' என்பது. பொருளை மொழிபெயர்ப்பதா, ஒலியை எடுத்துச் செல்வதா? பக்கத்திலுள்ள பெரிய சதுக்கம் ரஷ்ய மொழியில் பொருளால் அறியப்படுகிறது, площадь Республики என்று. தெருவோ ஒலியால், ул. Анрапетутян என்று எழுதப்படுகிறது. விதி தேடிப் பயனில்லை. ஊர் வரைபடத்திலும் வீட்டு முகவரியிலும் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுவதுதான் சரி. ஒருவர் தம் தெருவை அறிவிப்பில் அடையாளம் காண வேண்டும், அதுதான் நோக்கம்.

அந்த அன்ராபெதுத்யானில் முதலிலிருந்த 'ஹ' காணாமல் போனதைக் கவனித்திருக்கலாம். ரஷ்ய மொழியில் 'ஹ' ஒலிக்குத் தனி எழுத்து இல்லை. தொண்டையில் உரசும் х இருக்கிறது, ஆனால் அது ஆர்மீனியத்தின் வேறோர் எழுத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருப்பவை இரண்டு வழிகள்: 'ஹ'வை விட்டுவிடுவது, அல்லது 'க' ஒலிக்கும் г போடுவது. ஹ்ரஸ்தான் என்ற நகரம் ரஷ்ய வரைபடத்தில் ரஸ்தான் ஆனது முதல் வழியில். ஹ்ரந்த் என்ற ஆண்பெயர் கிரந்த் ஆனது இரண்டாம் வழியில். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் நம் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஹருத்யுன் ஷ்மவோன்யான் ரஷ்ய நூல்களில் அருத்யுன் ஆகியிருக்கிறார்.

ஊருக்கும் இறந்துபோன பெரியவர்களுக்கும் இதனால் நட்டமில்லை, வழக்கம் நிலைத்துவிட்டது. உயிரோடிருப்பவரின் பத்திரங்களில்தான் சிக்கல். ஹொவ்ஹன்னிஸ்யான் என்பது ஆர்மீனியாவில் மிகப் பரவலான குடும்பப் பெயர். சோவியத் காலத்துப் பிறப்புச் சான்றிதழில் தந்தை Оганесян. பிறகு பிறந்த மகனின் மொழிபெயர்க்கப்பட்ட கடவுச்சீட்டில் Ованнисян. இருவரும் ஆர்மீனியத்தில் ஒரே பெயர்க்காரர்கள், ரஷ்ய அலுவலகத்தின் கண்ணுக்கு வேறு வேறு குடும்பத்தார். வாரிசு அறிவிப்பு வெளிவரும்போது மகன் தன்னை மகன் என்று மெய்ப்பிக்க அலைய வேண்டியிருக்கும். அதனால் அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர் பெயரைத் தொடும் முன், அவருடைய பெயர் ரஷ்ய மொழியில் முன்பு எழுதப்பட்ட தாள் எதுவும் இருக்கிறதா என்று கேட்பார். இருந்தால் அதே எழுத்துக்கூட்டலைத் தொடர்வார், தமக்கு அது பிடிக்காவிட்டாலும். இல்லையென்றால் ஒரு வடிவத்தைத் தேர்ந்து, முதல் இடத்தில் ஆர்மீனிய மூலப் பெயரையும் அடைப்புக்குறிக்குள் வைப்பார்.

பழைய நகலிலிருந்து வேலை செய்யும்போது கண்ணும் ஏமாற்றும். த ஒலிக்கும் դ, தொண்டையில் உரசும் ղ இரண்டுக்கும் வேறுபாடு ஒரு சின்ன வால்தான். மங்கிய படியில் அந்த வால் தெரியாது. பெயர் உலகில் இருக்கக்கூடியதா என்று சோதித்துப் பார்க்காமல் எழுதிவிடக் கூடாது.

எழுத்தும் ஒலியும் சரியாக அமைந்த பிறகும் ஒரு பொறி மீதமிருக்கிறது. ஆர்மீனிய மொழியில் பால் வேறுபாடு இல்லை, 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். "க. பெத்ரோசியானுக்குச் சொந்தமான நிலம் ஏலம் விடப்படும்" என்று ஓர் அறிவிப்பு வருகிறது என்று கொள்வோம். ரஷ்ய மொழியில் நிலக்காரர் ஆணென்றால் Петросяну என்று வேற்றுமை ஏற்கும், பெண்ணென்றால் Петросян என்று அப்படியே நிற்கும். முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்மானிக்க வழியில்லை. தந்தை பெயரைச் சேர்த்து எழுதியிருந்தாலும் உதவாது. ஆர்மீனியத்தில் அது 'ஹகோபின்' என்பதுபோல் மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாகவே இருக்கும், ரஷ்ய மொழிதான் மகனுக்கு -ович என்றும் மகளுக்கு -овна என்றும் பிரிக்கும். நிலப்பதிவுச் சான்றில் முழுப்பெயரைத் தேடுவதே முதல் வேலை. அது கிடைக்காவிட்டால் வாக்கியத்தைத் திருப்பிப் போடுவார்கள்: "உரிமையாளர்: Г. Петросян". எழுவாயாக நிற்கும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் வடிவம் ஒன்றுதான், தவறான பாலை அறிவிப்பில் ஏற்றிவிடும் ஆபத்து இல்லை.